யாரும் வாசிக்காத சுரம்

கம்ப்யூட்டரில் 5,000 ஹெர்ட்ஸ் அதிர்வெண் கொண்ட ஒரே ஒரு சுரத்தை உருவாக்குங்கள். அதை ஒரு சேச்சுரேட்டர் பிளக்-இன்னுக்குள் அனுப்பி, டிரைவ் குமிழை முழுவதும் திருகிவிட்டு, வெளியே வருவதை ஸ்பெக்ட்ரம் அனலைசரில் பாருங்கள். 5,000-இல் ஒரு கோடு நிற்கும், 15,000-இல் இன்னொன்று. இவை இரண்டும் எதிர்பார்த்தவைதான். ஆனால் 900 ஹெர்ட்ஸிலும் ஒரு கோடு நிற்கும். 9,100, 10,900, 13,200, 19,100 என்று வேறு சில கோடுகளும் தெரியும். உள்ளே போனது 5,000. அதைவிட ஐந்து மடங்குக்கும் கீழே இருக்கும் 900 ஹெர்ட்ஸ் சத்தத்தை யார் வாசித்தார்கள்?

பிளக்-இன்னின் மூலையில் சின்னதாக ஓவர்சாம்பிளிங் என்று ஒரு பொத்தான் இருக்கும். அதை `Off`-இலிருந்து `4x`-க்கு மாற்றினால், அழைக்காமல் வந்த அந்தக் கோடுகள் சட்டென்று தாழ்ந்துவிடும். அந்தப் பொத்தான் என்ன செய்கிறது, எங்கே அது அவசியம், எங்கே அதை அணைத்து வைப்பதே சரி என்பதை இந்த ஒரே சுரத்தைப் பின்தொடர்ந்து போனாலே புரிந்துகொள்ளலாம்.

மேலே இடமில்லாத ஹார்மோனிக்குகள்

சேச்சுரேட்டரின் வேலை அலையின் உருவத்தை மாற்றுவது. பழைய டேப் ரிக்கார்டரிலும் வால்வு ஆம்ப்ளிஃபயரிலும் சத்தம் கூடும்போது அலையின் உச்சிகள் மழுங்கும். அதையே கணக்குப் போட்டுச் செய்து காட்டுகிறது இந்த மென்பொருள். உச்சி மழுங்கிய அலை பழைய ஒற்றைச் சுரமாக இருக்க முடியாது. அதன் 3 மடங்கு, 5 மடங்கு, 7 மடங்கு அதிர்வெண்களில் புதிய சத்தங்கள் அதோடு சேர்ந்துகொள்ளும். இவற்றைத்தான் ஹார்மோனிக் என்கிறோம். மேல்பாதியும் கீழ்பாதியும் ஒரேமாதிரி மழுங்கினால் ஒற்றைப்படை மடங்குகள் மட்டும் பிறக்கும். இரண்டும் வேறுவேறாக மழுங்கினால் 2, 4, 6 மடங்குகளும் வரும். எல்லாமே மூலச் சுரத்தின் முழு மடங்குகள் என்பதால் காது அவற்றை அந்தச் சுரத்தின் நிறமாகவே எடுத்துக்கொள்கிறது. குரலுக்குக் கனமும் பாஸுக்குத் தெளிவும் கிடைப்பது இப்படித்தான்.

நம் 5,000 ஹெர்ட்ஸ் சுரத்துக்கு வருவோம். மூன்றாவது ஹார்மோனிக் 15,000. ஐந்தாவது 25,000. ஏழாவது 35,000, ஒன்பதாவது 45,000. மனிதக் காது சுமார் 20,000 ஹெர்ட்ஸ் வரைதான் கேட்கும். எனவே உண்மையான வால்வு கருவியில் ஐந்தாவதுக்கு மேற்பட்டவை பிறந்தாலும் யாருக்கும் கேட்காது, யாருக்கும் தொல்லையும் இல்லை. கம்ப்யூட்டருக்குள் கதை வேறு. சிடி தரத்தில் ஒலி என்பது நொடிக்கு 44,100 எண்களின் வரிசை. ஒவ்வொரு எண்ணும் ஒரு சாம்பிள். இந்த வரிசையால் சரியாகக் காட்ட முடிந்த உச்ச அதிர்வெண் அதில் பாதி, அதாவது 22,050 ஹெர்ட்ஸ். 1928-இல் ஹாரி நைக்விஸ்ட் எழுதிய கட்டுரையின் பெயரால் இதை நைக்விஸ்ட் எல்லை என்கிறார்கள். 1949-இல் கிளாட் ஷேனன் இதை முழுமையான தேற்றமாக நிறுவினார்.

எல்லைக்கு மேலே போன 25,000 ஹெர்ட்ஸ் என்ன ஆகும்? அது காணாமல் போவதில்லை. வேறொரு அதிர்வெண்ணாக வேடம் போட்டுக்கொண்டு எல்லைக்குள் வந்து நிற்கும். எங்கே வந்து நிற்கும் என்று கண்டுபிடிக்கத் தையல்காரரின் அளவு நாடா ஒன்றை மனதில் வைத்துக்கொண்டால் போதும். நாடாவில் 0 முதல் 44,100 வரை குறித்து, 22,050-இல் மடித்துவிடுங்கள். இப்போது 25,000 என்ற குறி 19,100-இன் மேல் வந்து படியும். 35,000 என்ற குறி 9,100-இன் மேல் படியும். 44,100 சரியாகப் பூஜ்யத்தில் வந்து சேரும். நாடா இன்னும் நீளமாக இருந்தால் அங்கே மறுபடி மடிந்து மேல்நோக்கிப் போகும். எனவே 45,000 என்பது 900-இல் விழும். யாரும் வாசிக்காத அந்தச் சத்தம், ஒன்பதாவது ஹார்மோனிக் மடிந்து வந்து விழுந்தது. இதற்குப் பெயர் ஏலியாசிங்.

பாட்டைப் பதிவு செய்யும்போதும் மைக்கிலிருந்து 22,050-க்கு மேற்பட்ட சத்தம் வரத்தான் செய்யும். ஆனால் ஒலியை எண்ணாக மாற்றும் கருவி, சாம்பிள் எடுப்பதற்கு முன்பே ஒரு ஃபில்டர் வைத்து அதை வெட்டிவிடுகிறது. சேச்சுரேட்டர் உருவாக்கும் ஹார்மோனிக்குகளோ அந்த ஃபில்டரைத் தாண்டி உள்ளே வந்தபின் பிறக்கின்றன. சேச்சுரேட்டர் ஒவ்வொரு சாம்பிளையும் எடுத்து, அதை ஒரு வளைகோட்டில் வைத்து மாற்றி, அடுத்ததற்குப் போய்விடுகிறது. அங்கே வெட்டுவதற்கு எதுவும் இல்லை. அதனால் ஹார்மோனிக் எவ்வளவு பலத்தோடு பிறந்ததோ அவ்வளவு பலத்தோடு மடிந்து வரும். அலையை ஏறக்குறைய சதுரமாகும் வரை நசுக்கினால் ஒன்பதாவது ஹார்மோனிக்கின் அளவு மூலச் சுரத்தில் ஒன்பதில் ஒரு பங்கு. டெசிபலில் சொன்னால் 19 டெசிபல் மட்டுமே தாழ்வு. இது தாராளமாகக் காதில் விழும் அளவு.

ஏறினால் இறங்கும், இறங்கினால் ஏறும்

இந்தச் சத்தம் ஏன் இவ்வளவு உறுத்துகிறது? முதல் காரணம், அது மூலச் சுரத்துக்கு எந்த உறவும் இல்லாதது. 5,000-க்கும் 900-க்கும் இடையில் இசைக்கணக்கு எதுவும் இல்லை. இரண்டாவது காரணம் நம் செவியின் இயல்பு. உரத்த சத்தம் ஒன்று தனக்கு மேலே இருக்கும் மெல்லிய சத்தங்களை நன்றாகவே மறைத்துவிடும். கீழே இருப்பவற்றை அந்த அளவுக்கு மறைக்காது. மடிந்து வந்தவை மூலச் சுரத்துக்குக் கீழேயும் விழுவதால் அம்பலமாகிவிடுகின்றன.

மூன்றாவதுதான் மிகவும் விபரீதமானது. சுரத்தை 5,000-இலிருந்து 5,100-க்கு மெல்ல இழுத்துப் பாருங்கள். ஏழாவது ஹார்மோனிக் 35,000-இலிருந்து 35,700-க்குப் போகும். மடிந்து விழும் இடமோ 9,100-இலிருந்து 8,400-க்கு இறங்கும். சுரம் 100 ஹெர்ட்ஸ் ஏற, அதன் நிழல் 700 ஹெர்ட்ஸ் இறங்குகிறது. அதே நேரம் ஒன்பதாவது ஹார்மோனிக்கின் நிழல் 900-இலிருந்து 1,800-க்கு ஏறுகிறது. அதாவது ஒரு முழு ஸ்தாயி தாவிவிடுகிறது. வயலின் இழுப்பிலும் குரலின் அசைவிலும் உள்ள மேல் அதிர்வெண்கள் ஒவ்வொன்றும் இப்படிப் பல நிழல்களை எதிரெதிர்த் திசைகளில் ஓடவிடுகின்றன. உண்மைப் பாட்டில் இவை தனித்தனி விசிலாகக் கேட்பது குறைவு. எல்லாம் கலந்து, ஒலியின் மேல் மணல் தூவியதுபோல் ஒரு கரகரப்பாகக் கேட்கும். சிம்பல் அடி முடிந்து தேயும் இடம், பாடகர் 'ஸ' என்று உச்சரிக்கும் இடம், ஹை-ஹாட் வரிசை ஆகியவற்றில் இது முதலில் வெளிப்படும்.

அதே கணக்கு பாஸ் கிடாருக்கு நிம்மதி தருகிறது. 100 ஹெர்ட்ஸ் சுரம் ஒன்று 22,050-ஐத் தாண்ட 221-ஆவது ஹார்மோனிக் வரை போக வேண்டும். மென்மையாக மழுக்கும் சேச்சுரேட்டரில் அந்த இடத்துக்கு வரும்போது பலம் ஏதும் மிச்சமிருக்காது. ஆகவே ஏலியாசிங் என்ற சிக்கல், உள்ளே போகும் ஒலி எவ்வளவு உயரத்தில் இருக்கிறது, அலை எவ்வளவு முரட்டுத்தனமாக வளைக்கப்படுகிறது என்ற இரண்டையும் பொறுத்தது.

நான்கு மடங்கு வேகத்தில் ஒரு சுற்று

ஓவர்சாம்பிளிங் செய்வது இதுதான். நொடிக்கு 44,100 சாம்பிளாக வரும் ஒலியை, நசுக்குவதற்கு முன் 1,76,400 சாம்பிளாக ஆக்கிக்கொள்கிறது. இதற்காக ஒவ்வொரு சாம்பிளுக்கும் இடையில் மூன்று பூஜ்யங்களைச் செருகி, ஒரு ஃபில்டர் வழியே அனுப்பினால், பூஜ்யங்கள் இருந்த இடங்களில் அலை உண்மையில் கடந்து போகும் மதிப்புகள் நிரம்பிவிடும். ஒலியில் புதிதாக எதுவும் சேரவில்லை, அதே அலையை நெருக்கமாக எழுதிக்கொண்டோம், அவ்வளவுதான். ஆனால் எல்லை இப்போது 88,200 ஹெர்ட்ஸுக்கு உயர்ந்துவிட்டது. இனி அலையை நசுக்கினால் 25,000, 35,000, 45,000 எல்லாம் மடியாமல் தத்தம் இடத்திலேயே பிறந்து நிற்கும். பிறகு இன்னொரு ஃபில்டர், கேட்கும் எல்லைக்கு மேலே இருக்கும் அத்தனையையும் வெட்டுகிறது. கடைசியாக நான்கு சாம்பிளுக்கு ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மீதியை விட்டுவிட்டால் பழைய 44,100-க்குத் திரும்பிவிடலாம். நடுவில் வைத்த அந்த வெட்டுதான் இங்கே உண்மையான வேலை. உயர்ந்த வேகம் அந்த வெட்டுக்கு இடம் உண்டாக்கிக் கொடுக்கிறது.

இது எவ்வளவு உதவும் என்பது வளைகோட்டைப் பொறுத்தது. சில சேச்சுரேட்டர்கள் சாம்பிளின் மதிப்பையும் அதன் மும்மடிப் பெருக்கத்தையும் மட்டும் கலக்கும் எளிய கணக்கைப் பயன்படுத்துகின்றன. அதிலிருந்து மூன்று மடங்கு அதிர்வெண்ணுக்கு மேல் எதுவும் பிறக்காது. உள்ளே வரக்கூடிய மிக உயர்ந்த அதிர்வெண் 22,050. அதன் மூன்று மடங்கு 66,150. இரண்டு மடங்கு ஓவர்சாம்பிளிங்கில், அதாவது 88,200 வேகத்தில், அது மடிந்து சரியாக 22,050-இல் விழும். கேட்கும் பகுதிக்குள் எதுவும் நுழையாது. ஆகவே அந்த வகைக்கு `2x` போதும்.

மறுமுனையில் இருப்பது உச்சியைக் கத்தியால் சீவுவதுபோல் வெட்டும் ஹார்ட் கிளிப்பர். இதன் ஹார்மோனிக்குகள் மெதுவாகத்தான் தேயும். நம் 5,000 ஹெர்ட்ஸ் சுரத்தைச் சதுர அலையாகும் வரை வெட்டினால், `4x`-இல் 35-ஆவது ஹார்மோனிக்கான 1,75,000, மடிந்து 1,400 ஹெர்ட்ஸில் விழும். அதன் அளவு 35-இல் ஒரு பங்கு, சுமார் 31 டெசிபல் தாழ்வு. ஓவர்சாம்பிளிங் இல்லாதபோது 900 ஹெர்ட்ஸில் இருந்த 19 டெசிபல் தாழ்வோடு ஒப்பிட்டால் 12 டெசிபல்தான் லாபம். `16x`-க்குப் போனால் 141-ஆவது ஹார்மோனிக் 600 ஹெர்ட்ஸில் 43 டெசிபல் தாழ்வில் விழும். ஒவ்வொரு நான்கு மடங்குக்கும் 12 டெசிபல் வீதம்தான் குறைகிறது. சதுர அலை என்பது மிக மோசமான நிலை. உச்சியை மட்டும் லேசாகச் சீவினால் ஹார்மோனிக்குகள் இதைவிட வேகமாகத் தேயும். ஆனாலும் மென்மையான சேச்சுரேட்டருக்கு `4x` போதும், முரட்டுக் கிளிப்பருக்கு `16x` கூட வேண்டியிருக்கலாம் என்ற அனுபவ வழக்கத்துக்குக் காரணம் இந்தக் கணக்குத்தான்.

லிமிட்டரில் இரண்டு காரணங்கள்

லிமிட்டர் அலையை வளைப்பதில்லை. உச்சி ஒன்று வரும்போது ஒலியளவைக் குறைத்து, அது போனதும் பழைய நிலைக்குக் கொண்டுவருகிறது. இது மெதுவாக நடந்தால் ஏலியாசிங்குக்கு இடமே இல்லை. ஆனால் அளவைக் குறைப்பது என்றால் கணக்கில் பெருக்கல். பெருக்கப்படும் இரண்டும் வேகமாக அசைந்தால், அவற்றின் அதிர்வெண்கள் கூட்டியும் கழித்தும் புதிய அதிர்வெண்கள் பிறக்கும். மிகக் குறுகிய ரிலீஸ் வைத்து, ஒலியளவே நொடிக்கு 8,000 முறை அசைகிறது என்று வைத்துக்கொள்வோம். ஹை-ஹாட்டில் இருக்கும் 16,000 ஹெர்ட்ஸ், அதோடு சேர்ந்து 24,000 ஆகும். அது மடிந்து 20,100-இல் விழும். உச்சியை முன்கூட்டியே பார்த்து ஓரிரு மில்லிசெகண்டுக்கு முன்பே அளவை இறக்கத் தொடங்கும் லுக்-அஹெட் வசதி, இந்த அசைவைச் சாந்தப்படுத்துகிறது. நிதானமாக வேலை செய்யும் லிமிட்டரில் ஓவர்சாம்பிளிங் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஏலியாசிங்கில் வித்தியாசம் தெரியாததற்கு இதுதான் காரணம். சத்தத்தைக் கூட்டுவதற்காக வேகமாக வைத்து நெருக்கும்போதுதான் அது தேவைப்படுகிறது.

இரண்டாவது காரணம் சாம்பிள்களுக்கு இடையில் ஒளிந்திருக்கும் உச்சி. 11,025 ஹெர்ட்ஸ் சுரம் ஒன்றை எடுங்கள். இது 44,100-இல் சரியாகக் கால் பங்கு. எனவே ஒரு சுற்றுக்கு நான்கு சாம்பிள்கள். அவை அலையின் உச்சியில் விழாமல் இருபக்கச் சரிவில் 45 பாகையில் விழுந்தால், நான்கின் மதிப்பும் உண்மை உச்சியில் 0.707 பங்குதான். சாம்பிள்களை மட்டும் பார்க்கும் லிமிட்டர், அவற்றை உச்ச வரம்பான 0 டெசிபல் வரை உயர்த்திவிட்டு எல்லாம் சரி என்று நினைக்கும். உண்மை அலையோ 3 டெசிபல் மேலே போயிருக்கும். அந்தக் கூடுதல், ஒலிபெருக்கிக்கு அனுப்பும் கன்வெர்ட்டரிலோ, எம்பி3 ஆக மாற்றும்போதோ வெடிப்பாக வெளிவரும். இதைப் பிடிக்கத்தான் 2006-இல் வந்த ITU-R BS.1770 பரிந்துரை, 48,000 வேகத்திலுள்ள ஒலியை நான்கு மடங்காக்கி உச்சியை அளக்கச் சொல்கிறது. நான்கு மடங்கிலும் மோசமான நிலையில் சுமார் 0.7 டெசிபல் தப்பிவிட முடியும். ஐரோப்பிய ஒலிபரப்பு ஒன்றியத்தின் R128 உச்ச வரம்பை 0-இல் வைக்காமல் மைனஸ் 1 டெசிபலில் வைத்திருப்பது, இத்தகைய தப்பல்களுக்கு இடம் விடத்தான்.

பல லிமிட்டர்களில் `True Peak` என்றும் `Oversampling` என்றும் இரண்டு பொத்தான்கள் தனித்தனியாக இருக்கும். முதலாவது, மறைந்திருக்கும் உச்சியைக் கண்டுபிடிப்பதற்கு. இரண்டாவது, ஒலியையே உயர்ந்த வேகத்தில் கையாள்வதற்கு. ஒன்றைப் போட்டுவிட்டால் மற்றதும் கிடைத்துவிட்டது என்று எண்ணக்கூடாது.

பொத்தானுக்கு உள்ள விலை

எல்லாவற்றிலும் `16x` போட்டுவிட்டால் என்ன? கம்ப்யூட்டரின் சுமை கூடும் என்பது எல்லோருக்கும் தெரிந்த பதில். ஃபில்டர்தான் கவனிக்க வேண்டிய பதில். கேட்கும் 20,000-ஐ விட்டுவைத்து 22,050-க்குள் முழுவதும் வெட்ட வேண்டுமென்றால் ஃபில்டர் மிகச் செங்குத்தாக இருக்க வேண்டும். அலையின் கட்டம் மாறாமல் வெட்டும் லீனியர் ஃபேஸ் ஃபில்டர் நீளமானது, தாமதம் தரும். மிக்ஸிங் மென்பொருள் அந்தத் தாமதத்தை ஈடுகட்டிவிடும். ஆனால் பாடகர் ஹெட்போனில் தன் குரலை உடனுக்குடன் கேட்டுக்கொண்டு பாடும்போது அதே தாமதம் இடைஞ்சல். மினிமம் ஃபேஸ் ஃபில்டரில் தாமதம் குறைவு. பதிலுக்கு மேல் அதிர்வெண்களின் நேர ஒழுங்கு சற்று நகரும், அதனால் உச்சிகளின் உயரமும் மாறும்.

மாஸ்டரிங்கின் கடைசிக் கட்டத்தில் இன்னொரு சிக்கல் உண்டு. 5,000 ஹெர்ட்ஸ் சதுர அலையிலிருந்து 20,000-க்கு மேற்பட்டவற்றை வெட்டினால் 5,000-மும் 15,000-மும் மட்டும் எஞ்சும். அந்த இரண்டும் சேர்ந்த அலையின் உச்சி, கிளிப்பர் வெட்டிய கோட்டைவிட 1.2 மடங்கு உயரம், அதாவது 1.6 டெசிபல் கூடுதல். அலையைச் சமதளமாக வைத்திருந்தவையே வெட்டப்பட்ட அந்த ஹார்மோனிக்குகள்தான். ஓவர்சாம்பிளிங்கைப் போட்ட பிறகு கிளிப்பரின் வரம்பு மீறப்படுகிறது என்று சிலர் குழம்புவது இதனால்தான். கிளிப்பரில் கோளாறு எதுவுமில்லை. அதற்குப் பின்னால் ஒரு ட்ரூ பீக் லிமிட்டரை வைத்தால் தீர்ந்தது. வரம்பை மீறக்கூடாது என்பதற்காக மட்டும் ஓவர்சாம்பிளிங்கை அணைத்தால் சாம்பிள்கள்தான் வரம்புக்குள் நிற்கும், இடையில் இருக்கும் அலை அப்போதும் மீறிக்கொண்டுதான் இருக்கும்.

ஏலியாசிங்கையே விரும்பிக் கேட்கும் இசையும் உண்டு. 1987-இல் வந்த இ-மூ எஸ்பி-1200 என்ற டிரம் சாம்பிளர் நொடிக்கு சுமார் 26,000 சாம்பிளும் 12 பிட்டும் கொண்டு இயங்கியது. அதில் சுருதி மாற்றும்போது வந்த கரகரப்பு ஹிப்-ஹாப் இசையின் அடையாளங்களில் ஒன்றாகிவிட்டது. அந்தக் குணம் வேண்டும் என்று தேர்ந்துகொண்டு அணைப்பவரோடு எனக்குச் சண்டையில்லை. தெரியாமல் அணைந்து கிடப்பதுதான் பாட்டைக் கெடுக்கிறது.

நீங்களே பார்த்துவிடலாம்

உங்களிடம் இருக்கும் பிளக்-இன்னைச் சோதிக்க ஒரு சைன் அலை ஜெனரேட்டரும், வாக்ஸெங்கோ ஸ்பேன் போன்ற இலவச அனலைசரும் போதும். 5,000 ஹெர்ட்ஸ் கொடுத்து டிரைவை ஏற்றுங்கள். 5,000-இன் முழு மடங்குகளில் அமராத கோடு எதுவானாலும் அது மடிந்து வந்தது. ஒரு எச்சரிக்கை: சோதனைக்கு 4,410 ஹெர்ட்ஸை எடுக்காதீர்கள். 44,100-இல் அது சரியாகப் பத்தில் ஒரு பங்கு. ஏழாவது ஹார்மோனிக்கான 30,870 மடிந்து 13,230-இல் விழும், அங்கே ஏற்கெனவே மூன்றாவது ஹார்மோனிக் நிற்கும். மடிந்து வருபவை எல்லாம் நல்ல ஹார்மோனிக்குகளின் பின்னால் ஒளிந்துகொள்ள, பழுதான பிளக்-இன்னும் பரிசுத்தமாகத் தெரியும்.

அடுத்து, 20 ஹெர்ட்ஸிலிருந்து 20,000 வரை மெல்ல ஏறும் சைன் அலையை ஓடவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கள். ஏறும் சத்தத்துக்கு நடுவே இறங்கும் விசில்கள் கேட்டால் அதுதான் ஏலியாசிங். பிறகு உங்கள் பாட்டிலேயே, ஓவர்சாம்பிளிங் போட்டும் போடாமலும் இரண்டு பதிவு எடுத்து, ஒன்றின் ஃபேஸைத் தலைகீழாக்கி இரண்டையும் சேர்த்து ஒலிக்கவிடுங்கள். மிஞ்சுவது வித்தியாசம் மட்டும். அதில் ஃபில்டரால் வந்த சிறு மாற்றமும் கலந்திருக்கும். எனவே மேல் அதிர்வெண் ஓரத்தில் மட்டும் எஞ்சும் சத்தத்தைப் பொருட்படுத்த வேண்டாம். நடு அதிர்வெண்களில் கரகரப்பு எஞ்சுகிறதா என்று கேளுங்கள்.

பல பிளக்-இன்கள் வேலை செய்யும்போது ஓர் அளவும், இறுதிப் பதிவு எடுக்கும்போது அதைவிட உயர்ந்த அளவும் வைத்துக்கொள்ள இடம் தருகின்றன. சுமை தாங்காத கம்ப்யூட்டருக்கு அது உதவும். ஆனால் வளைகோட்டின் ஒலி இரண்டு நிலையிலும் சற்று மாறும் என்பதால், அனுப்பும் முன் இறுதிப் பதிவை ஒருமுறை முழுதாகக் கேட்டாக வேண்டும். கம்ப்யூட்டரின் பலம் குறைவாக இருந்தால் அதை முதலில் சிம்பல்கள் செல்லும் டிரம் பஸ்ஸுக்கும், பாட்டு முழுவதும் கடந்து போகும் கடைசிக் கிளிப்பருக்கும் லிமிட்டருக்கும் செலவிடுங்கள். மிஞ்சினால் குரலுக்கு. பாஸ் கிடாரின் மென்மையான சேச்சுரேட்டரில் அந்தப் பொத்தான் `Off`-இலேயே இருக்கட்டும், அங்கே அது காப்பாற்ற எதுவும் இல்லை.